மெடிக்கல் வைத்தால் லாபம் கொட்டுமா? லைசென்ஸ் முதல் காலாவதி வரை... கடை போடும் முன் போடவேண்டிய கணக்கு

மதுரை:

"மருந்துக்கடைக்காரனுக்கு என்னப்பா, பத்து ரூபாய் மாத்திரையில எட்டு ரூபாய் லாபம்" என்ற பேச்சு டீக்கடையில் அடிக்கடி காதில் விழும். இதை நம்பி நகையை அடகு வைத்து கடை போட்டவர்களும் உண்டு. ஒன்றரை வருஷத்தில் ஷட்டரை இழுத்து மூடியவர்களும் உண்டு. மூடியவர்களில் பலர் வியாபாரம் இல்லாமல் மூடவில்லை. கவுண்டரில் கூட்டம் இருந்தது. ஆனால் அலமாரியில் தூங்கிய சரக்கும், ஏஜென்சிக்குக் கொடுத்த செக்கும் சேர்ந்து கழுத்தை நெரித்துவிட்டன.

ஆகவே, தெருவோரத்தில் ஒரு சின்ன மெடிக்கல் வைப்பதற்கான திட்டத்தை ரூபாய் கணக்கோடு இங்கே பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். டி.பார்ம் படித்தவர். தனியார் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சில வருஷம் வேலை பார்த்தவர். கணவருக்கு செல்லூர் பக்கம் தறி வேலை. சீட்டு போட்டுச் சேர்த்தது 3 லட்சம், நகையை வைத்து வாங்கியது 3 லட்சம், ஆக கையில் 6 லட்சம் ரூபாய். வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை வைக்க ஆசை.

கடை முதலில், லைசென்ஸ் அப்புறம்

மளிகைக்கடை மாதிரி இன்றைக்கு இடம் பிடித்து நாளைக்குத் திறந்துவிட முடியாது. சில்லறை மருந்துக்கடைக்கு படிவம் 20, படிவம் 21 என இரண்டு லைசென்ஸ் வேண்டும். சாதாரண மாத்திரை மருந்துக்கு 20. தடுப்பூசி, இன்சுலின் போன்றவற்றுக்கு 21. இரண்டையும் சேர்த்தே விண்ணப்பிப்பார்கள். கட்டணம் ஒன்றுக்கு 1,500 வீதம் 3 ஆயிரம் ரூபாய். கொடுப்பது தமிழக அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

கடையின் பரப்பு குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்கவேண்டும். நம்ம கணக்கில் சுமார் 108 சதுர அடி. இதில் ஒரு அடி குறைந்தாலும் சிக்கல்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே டேப் பிடித்து அளந்துவிடுவது நல்லது. ஊசி மருந்து, இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் அவசியம். அதன் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியமானது பார்மசிஸ்ட். பார்மசி கவுன்சிலில் பதிவு செய்த ஒருவரின் பொறுப்பில்தான் கடை நடக்கவேண்டும். டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும் அவர் மேற்பார்வையில்தான். நம்ம கணக்கில் வரும் பெண்ணே பார்மசிஸ்ட் என்பதால் பெரிய சம்பளம் ஒன்று மிச்சம். படிக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? யாரோ ஒருவரின் சான்றிதழை மாதாமாதம் பணம் கொடுத்து வாங்கி சுவரில் மாட்டிவிடுகிறார்கள். ஆள் கடைப்பக்கமே வருவதில்லை. இது ஊரறிந்த ரகசியம். ஆனால் சோதனைக்கு வரும் மருந்து ஆய்வாளர், சான்றிதழில் இருக்கிற ஆள் எங்கே என்றுதான் முதலில் கேட்பார். லைசென்சை நிறுத்திவைக்கவும், ரத்து செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அடுத்தவர் சான்றிதழை நம்பி 6 லட்சத்தைப் போடுவது தலைக்கு மேல் கத்தியைத் தொங்கவிட்ட மாதிரி.

இன்னொரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாடகை ஒப்பந்தம் போட்டு, ரேக் அடித்து, ஃபிரிட்ஜ் வாங்கி வைத்த பிறகுதான் ஆய்வாளர் வந்து பார்ப்பார். அதற்குப் பிறகே லைசென்ஸ். லைசென்ஸ் எண் இல்லாமல் எந்த ஏஜென்சியும் பில் போட்டு சரக்கு கொடுக்காது. ஆக, ஒரு மாத்திரை கூட விற்காமலே வாடகை கொடுக்கும் காலம் ஒன்று உண்டு. அதற்காக 2 மாத வாடகையாவது தனியாக எடுத்து வைக்கவேண்டும்.

முன்பெல்லாம் 5 வருஷத்துக்கு ஒருமுறை லைசென்சைப் புதுப்பிக்க அலையவேண்டும். 2017-ல் விதியை மாற்றினார்கள். இப்போது லைசென்ஸ் ரத்தாகாதவரை செல்லும். 5 வருஷத்துக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் மட்டும் கட்டவேண்டும். ஆனால் அந்த லைசென்ஸ் அந்த இடத்துக்கும் அந்த உரிமையாளருக்கும் மட்டும்தான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் புதுக்கடைக்கு மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் ஆய்வு! அதனால் 11 மாத ஒப்பந்தத்தை மட்டும் நம்பாமல், சில வருஷமாவது இருக்கலாம் என்ற உறுதியை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பால் பவுடர், சத்துமாவு டப்பா வைத்து விற்கப்போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தனியாக வேண்டும்.

6 லட்சம் எங்கே போகிறது?

அட்வான்ஸ் 60 ஆயிரம். ரேக், கவுண்டர், போர்டு எல்லாம் சேர்த்து 80 ஆயிரம். ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் 45 ஆயிரம். கம்ப்யூட்டர், பில் மிஷின், சாஃப்ட்வேர் 40 ஆயிரம். லைசென்ஸ் கட்டணம், பத்திரம், மற்ற செலவுகள் 15 ஆயிரம். லைசென்ஸ் வரும்வரை வாடகை 16 ஆயிரம். இதிலேயே 2 லட்சத்து 56 ஆயிரம் காலி. இவை கணக்குக்காகப் போட்ட தொகைகள்தான். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும்.

மீதி 3 லட்சத்து 44 ஆயிரம். இதில் 44 ஆயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு 3 லட்சத்துக்கு சரக்கு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

லாபம் எவ்வளவு?

அரசு விலை கட்டுப்பாட்டில் உள்ள அத்தியாவசிய மருந்துகளுக்கு, 2013-ம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம். அதாவது 100 ரூபாய்க்கு வாங்கி 116-க்கு விற்கலாம். விற்ற பணத்தில் பார்த்தால் இது 14 சதவீதம் கூட இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத மற்ற கம்பெனி மருந்துகளில் 20 சதவீதம் என்பது வியாபார வழக்கம். நூறு ரூபாய் மருந்தை 80-க்கு வாங்குகிறார்கள்.

அப்படியானால் டீக்கடையில் பேசும் "பத்துக்கு எட்டு" எங்கே வருகிறது? ஜெனரிக் மாத்திரையில். அட்டையில் 100 ரூபாய் போட்டிருக்கும். கடைக்காரருக்கு 20, 30-க்குக் கூட கிடைக்கும். ஆனால் டாக்டர் ஒரு கம்பெனி பெயரை எழுதிக்கொடுத்தால், அதற்குப் பதில் இதை எடுத்துக்கொடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. டாக்டரின் சம்மதம் வேண்டும். மருந்தின் வேதிப் பெயரை மட்டும் எழுதிய சீட்டுக்கும், சீட்டு தேவைப்படாத மருந்துக்கும்தான் இந்த லாபத்தை நியாயமாக எடுக்கமுடியும். எனவே மொத்த வியாபாரத்தில் இது ஒரு சின்னப் பங்குதான்.

எல்லாம் கலந்து விற்பனையில் சராசரி 18 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் சின்னக் கடை என்பதால் ஜி.எஸ்.டி. பதிவும் கட்டாயமில்லை. வாங்கும் விலையில் வரியும் சேர்ந்தே இருக்கும்.

மாதச் செலவைப் பாருங்கள். வாடகை 8 ஆயிரம், உதவியாள் ஒருவருக்கு 9 ஆயிரம், கரண்ட் 2 ஆயிரம், நகைக்கடன் வட்டி 3 ஆயிரம். ஆக 22 ஆயிரம். அந்தப் பெண்ணின் உழைப்புக்குச் சம்பளமே போடவில்லை!

இந்த 22 ஆயிரத்தை எடுக்க தினமும் சுமார் 4,100 ரூபாய்க்கு விற்கவேண்டும். அது சாதாரணத் தெருவில் கிடைக்கக்கூடிய வியாபாரம்தான்.

இங்கேதான் "10 சதவீதம் தள்ளுபடி" போர்டு வருகிறது. எதிரே பெரிய கம்பெனி கடை 15, 20 சதவீதம் என்று போர்டு மாட்டியிருக்கும். செல்போனில் ஆர்டர் போட்டால் அதற்கும் தள்ளுபடி. நாமும் 10 சதவீதம் கொடுத்தால்தானே வருவார்கள் என்று நினைப்பது சகஜம். 18-ல் 10 போனால் மிச்சம் 8. இப்போது அதே 22 ஆயிரத்தை எடுக்க அட்டை விலைப்படி தினமும் 9,200 ரூபாய்க்கு மருந்து விற்கவேண்டும். தள்ளுபடி 10 சதவீதம்தான், ஆனால் விற்கவேண்டிய அளவோ இரண்டு மடங்குக்கும் மேல்!

இதனால் அனுபவமுள்ள கடைக்காரர்கள் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் தள்ளுபடி தருவதில்லை. மாதாமாதம் சுகர், பிரஷர் மாத்திரை மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் 5 சதவீதம் தருகிறார்கள். இவர்கள் என்ன வாங்குவார்கள், எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியும். அவர்களுக்காக வாங்கும் சரக்கு தேங்காது. ராத்திரி 9 மணிக்கு காய்ச்சல் என்று ஓடிவருகிறவர் தள்ளுபடி கேட்பதில்லை.

செக் தேதியும் அலமாரியும்

புதுக்கடைக்கு ஏஜென்சிக்காரர்கள் முதல் சில மாதம் ரொக்கத்துக்குத்தான் சரக்கு தருவார்கள். முகம் பழகியதும் 7 நாள், 14 நாள், 21 நாள் என்று கடன் நீளும். பலர் முன்தேதியிட்ட செக் வாங்கிக்கொள்வார்கள். கடன் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பார்க்கவேண்டும்.

நம்ம பெண்ணின் கடையில் ஆரம்பத்தில் தினமும் 3 ஆயிரம் ரூபாய் வியாபாரம். அதில் சரக்கின் அடக்கம் 2,460. அலமாரியில் இருப்பது 3 லட்சம். 3 லட்சத்தை 2,460-ஆல் வகுத்தால் 122. அதாவது போட்ட சரக்கு முழுவதும் பணமாகத் திரும்ப 4 மாதம் ஆகும். ஏஜென்சி கொடுக்கும் தவணையோ 21 நாள். இந்த நிலையில் கடனுக்குக் கிடைக்கிறதே என்று இன்னும் ஒரு லட்சத்துக்கு சரக்கு இறக்கினால், 21-ம் நாள் செக்குக்குப் பணம் எங்கிருந்து வரும்?

அந்த செக்கை சமாளிக்க இன்னொரு ஏஜென்சியிடம் கடன் சரக்கு எடுத்து, விற்ற காசை முதல் ஆளுக்குக் கட்டுவார்கள். இதைச் சிலர் "ரொட்டேஷன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரு வாரம் மழை பெய்து வியாபாரம் படுத்தால் செக் திரும்பும். ஒரு செக் திரும்பினால் அந்தச் செய்தி மற்ற ஏஜென்சிகளுக்குச் சாயங்காலத்துக்குள் போய்விடும். அப்புறம் எல்லாரும் ரொக்கம் கேட்பார்கள். ரேக் காலியாகும். கேட்ட மருந்து இல்லை என்றால் ஆள் வேறு கடைக்குப் போவான். செக் மோசடி வழக்கு தனி.

நாலு பேர் கடை போட்டுப் படித்த பாடம் இது: ஆரம்பத்தில் கடனுக்கு வாங்கவேண்டியது தினமும் ஓடும் சரக்கை மட்டும். காய்ச்சல், சளி, வயிற்றுவலி மாத்திரைகள், சுகர் பிரஷர் மாத்திரைகள் வாரத்துக்குள் விற்றுவிடும். 14 நாள் தவணை வரும்போது காசு கல்லாவில் இருக்கும். எப்போதாவது கேட்கும் மருந்தை அட்டை கணக்கில் ஒன்று, இரண்டு என்று எடுக்கவேண்டும். பெரிய ஊர்களில் போன் போட்டால் அன்றைக்கே பையன் வண்டியில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். ஏஜென்சி கோடவுனே நம்ம ஸ்டாக் ரூம் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. தெருக்காரர்கள் "அக்கா, சம்பளம் வந்ததும் தர்றேன்" என்று எழுதிவைக்கச் சொல்வார்கள். பாவம், மறுக்கவும் முடியாது. ஆனால் நோட்டில் 20 ஆயிரம் நின்றுவிட்டால், அந்த அளவு பணத்தை அக்கா தன் கையிலிருந்து ஏஜென்சிக்குக் கட்டியாகவேண்டும்.

காலாவதி என்ற கரையான்

அட்டையில் மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை விற்கலாம். மறுநாள் அது குப்பை. கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளுமே என்பார்கள். எடுக்கும்தான்... ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

முழு அட்டையாக இருக்கவேண்டும். இரண்டு மாத்திரை வெட்டி விற்ற அட்டை பெரும்பாலும் திரும்பாது. நம்ம தெருக்களில் 10 மாத்திரையை யார் வாங்குகிறார்கள்? "ரெண்டு கொடுங்க" என்பதுதான் வியாபாரமே. அதனால் வெட்டிய அட்டைகள் ஒரு டப்பா நிறையச் சேரும். வெட்டும்போது பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் இருக்கும் முனையைக் கடைசி வரை விட்டுவைக்கவேண்டும். அந்த முனையை வெட்டிக் கொடுத்துவிட்டால் மிச்சம் எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது.

வாங்கிய ஏஜென்சியிடமே கொடுக்கவேண்டும். அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் கொடுக்கவேண்டும். கைக்குக் காசாக வராது. சில மாதம் கழித்து அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள். இடையில் அந்த ஏஜென்சியோடு வியாபாரத்தை நிறுத்திவிட்டால் அந்தப் பணம் ஏறக்குறைய மறந்த கணக்குதான். ஜெனரிக் சரக்கை திருப்பி எடுக்காதவர்களே அதிகம். லாபம் அதிகம் உள்ள இடத்தில்தான் நஷ்டமும் முழுசாக நம்ம தலையில் விழும்.

இனி "ஆஃபர்" கதை. ஒரு சிரப், விலை 100, அடக்கம் 80. மாதம் ஒன்றுதான் விற்கிறது. ஏஜென்சி ஆள் வந்து "பத்து எடுங்க, ஒண்ணு ஃப்ரீ" என்கிறார். 800 ரூபாய்க்கு 11 பாட்டில். எல்லாம் விற்றால் லாபம் 300. ஆனால் வாங்கும்போதே 9 மாதம்தான் ஆயுள் பாக்கி என்றால் 9 பாட்டில் விற்று 900 ரூபாய் வரும். 2 பாட்டில் காலாவதி. லாபம் 100. இலவசத்துக்கு ஆசைப்படாமல் மாதம் ஒன்றாக வாங்கியிருந்தால், அதே 9 பாட்டிலில் லாபம் 180! பில்லில் விலையைப் பார்க்கும் முன் காலாவதி தேதியைப் பார்க்கவேண்டும் என்று பழைய கடைக்காரர்கள் சொல்வது இதற்காகத்தான்.

காலாவதிக்கு இன்னொரு காரணம் டாக்டர். பக்கத்து கிளினிக் டாக்டர் ஒரு கம்பெனி மருந்தை எழுதுகிறார் என்று பெட்டி பெட்டியாக வாங்கி வைப்பார்கள். திடீரென்று அவர் வேறு கம்பெனிக்கு மாறுவார், அல்லது ஊரை விட்டே மாறுவார். அந்தப் பெட்டி அப்படியே இருக்கும். டாக்டர் சீட்டில் இரண்டு வாரமாக ஒரு பெயர் வரவில்லை என்றால் உஷாராகிவிடவேண்டும். தேதி இருக்கும்போதே ஏஜென்சியிடம் கேட்டால் மாற்றித் தர வாய்ப்பு உண்டு.

மாதத்தில் ஒரு நாள், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில், அடுத்த 6 மாதத்தில் காலாவதியாகும் பட்டியலை கம்ப்யூட்டரில் எடுத்து அந்தச் சரக்கை ரேக்கின் முன்வரிசைக்குக் கொண்டுவரலாம். 3 மாதம்தான் பாக்கி என்றால் ஏஜென்சிக்குப் போன் போடவேண்டிய நேரம். இதைச் செய்யாத கடையில் புதுச் சரக்கு முன்னால் விற்கும், பழசு பின்னால் செத்துக்கொண்டிருக்கும்.

காலாவதியானதை ரேக்கிலேயே விட்டுவைப்பது ஆபத்து. விற்கவே இல்லை, சும்மாதான் இருந்தது என்று சொன்னாலும் எடுபடாது. திருப்பி அனுப்ப வைத்திருப்பது என்றால், தனி அட்டைப்பெட்டியில் போட்டு மேலே "விற்பனைக்கு அல்ல" என்று பெரிதாக எழுதி, விற்கும் சரக்கிலிருந்து ஒதுக்கி வைக்கவேண்டும் என்பது விதி.

ஃபிரிட்ஜ் சரக்கில் இன்னும் கவனம் தேவை. கரண்ட் போய் இன்வெர்ட்டரும் படுத்தால் இன்சுலின் கெடும். குளிர் அதிகமாகி உறைந்துபோனாலும் கெட்டதுதான், மறுபடி உருகினாலும் கொடுக்கக்கூடாது. ஃபிரீசர் பெட்டிக்கு ஒட்டி வைக்காதீர்கள். இந்தச் சரக்கு திரும்பாது என்றே கணக்கு வையுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லாவில் தினமும் பணம் புரள்வதால் கடை நஷ்டத்தில் போவது உடனே தெரியாது. அந்தப் பணத்தில் 100-க்கு 82 ஏஜென்சியுடையது. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுக்க ஆரம்பித்தால் கணக்கு அங்கேயே உடைகிறது. நம்ம பெண்ணின் கடையில் தினம் 3 ஆயிரம் வியாபாரம் என்றால் மாதம் 90 ஆயிரம், லாபம் 16,200. செலவு 22 ஆயிரம். மாதம் 5,800 ரூபாய் துண்டு விழும். கையில் வைத்த 44 ஆயிரம் ஏழு மாதம் தாங்கும், அதுவும் காலாவதியில் ஒன்றும் போகாவிட்டால். அதற்குள் வியாபாரம் 4,100-ஐத் தாண்டவேண்டும்.

தினம் 10 ஆயிரம் வியாபாரம் வந்துவிட்டது, சரக்கு 4 லட்சம் ஆகிவிட்டது என்றாலும் கதை முடியவில்லை. அப்போது சரக்கு பணமாக 49 நாள். தவணை 21 நாள். இடையில் உள்ள 28 நாளுக்கு, தினம் 8,200 வீதம் 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் எப்போதும் சொந்தப் பணமாகக் கடைக்குள் கிடக்கவேண்டும். வியாபாரம் வளரும்போது இந்தத் தொகையும் வளரும். நன்றாக ஓடுகிற கடையில் ஏன் கையில் காசு இல்லை என்ற கேள்விக்கு விடை இதுதான்.

ஆன்டிபயாடிக் உள்ளிட்ட சில மருந்துகள் எச்-1 பட்டியலில் வருகின்றன. அதற்குத் தனி நோட்டு போட்டு, டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி 3 வருஷம் வைத்திருக்கவேண்டும். 2014-ல் இருந்து இது நடைமுறை. சீட்டு இல்லாமல் கேட்டால் இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு 100 ரூபாய் வியாபாரம் போகும்.

சொந்தமாக வைக்கத் தயங்குகிறவர்களுக்கு வேறு வழிகளும் வந்தன. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-ந்தேதி 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தபோது, அவற்றை நடத்த முன்வந்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் அறிவித்திருந்தது. அதில் பாதி ரொக்கம், பாதி மருந்தாக. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் விற்பனை விலையில் 20 சதவீதம் கடைக்காரருக்கு. அங்கேயும் பார்மசிஸ்ட் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், காலாவதி தேதியும் இதே மாதிரி ஓடும்.

சொந்தக் கடைதான் என்று முடிவெடுத்தால், ஒரு பெரிய காலண்டர் வாங்கி கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொள்ளுங்கள். கொடுத்த செக்கின் தேதியில் சிவப்பு மையால் தொகையை எழுதுங்கள். அந்தத் தேதிக்கு 3 நாள் முன்னால் வங்கியில் அந்தப் பணம் இல்லை என்றால், அன்றைக்கு எந்த ஆஃபர் வந்தாலும் சரக்கு எடுக்கவேண்டாம்.